தொண்டை வலியோடு உப்புத்தாள் போன்ற தடிப்பு: காய்ச்சல் விட்ட பிறகும் மருந்து ஏன்?

கேள்வி: மகளுக்கு 6 வயது, எடை 20 கிலோ. திடீரென்று காய்ச்சல், தொண்டை வலி, இரண்டு முறை வாந்தி. மறுநாள் உடம்பு துடைத்துவிடும்போது வயிறு, முதுகு எல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. டாக்டர் ஸ்கார்லெட் ஃபீவர் என்று சொல்லி, 250 மி.கி. அமாக்சிசிலின் சிரப் காலை 10 மில்லி, இரவு 10 மில்லி, 10 நாளுக்கு எழுதினார். கடையில் ஒரு 60 மில்லி புட்டி கொடுத்தார்கள். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. மாமியார் இது மணல்வாரி அம்மை, மருந்தே கூடாது என்கிறார். நிறுத்திவிடலாமா? இரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லையே, அது பரவாயில்லையா? வீட்டில் 3 வயதுத் தம்பி இருக்கிறான்.

பதில்:

நிறுத்தாதீர்கள். இன்னும் தேவையான புட்டிகளை இன்றே வாங்கி 10 நாளும் கொடுங்கள். நான் குழந்தைகள் நல மருத்துவர். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் உங்கள் டாக்டர் சொன்ன நோயோடுதான் பொருந்துகின்றன. மணல்வாரியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு இந்த மருந்து எதற்கு என்று புரியாவிட்டால், நான்காம் நாள் அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நோய் இருக்கும் இடம் தொண்டை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாகக் குரூப் ஏ ஸ்ட்ரெப் என்பார்கள், டான்சிலில் போய் உட்கார்ந்து பெருகுகிறது. இந்தக் கிருமியில் சில வகைகள் மட்டும் ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு இரத்தத்தில் கலந்து தோலுக்குப் போகிறது, தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் பொடிப்பொடியாகத் தடிப்பு வருகிறது. தோலில் கிருமி கிடையாது. அதனால் தோலில் எதைத் தடவினாலும் அரிப்பு கொஞ்சம் அடங்குமே தவிர நோய் குறையாது. இதே கிருமியின் நச்சு சுரக்காத வகை தொற்றினால் வெறும் தொண்டை வலியும் காய்ச்சலும் வரும், தடிப்பு வராது. ஸ்கார்லெட் ஃபீவர் என்பது ஸ்ட்ரெப் தொண்டை வலியும் அதனுடன் வரும் தடிப்பும்தான், தனியாகப் பயங்கரமான வேறொரு நோய் என்று நினைக்க வேண்டாம்.

இன்னும் சொல்லப்போனால் தடிப்பு வந்தது உங்களுக்கு ஒரு வகையில் உதவிதான். குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. எந்தத் தொண்டை வலி ஸ்ட்ரெப், எது வைரஸ் என்று டார்ச் அடித்துப் பார்த்து மட்டும் சொல்வது எங்களுக்கே கடினம். உங்கள் மகள் விஷயத்தில் அந்தச் சொரசொரப்பான தோல் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது.

பாடப் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் குழந்தைகளுடையவை. உடம்பு முழுக்க வெயிலில் கன்றியதுபோல் சிவந்திருக்கும். நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கறுத்ததுபோல் இருக்கலாம், எதுவுமே தெரியாமலும் போகலாம். அதனால் இந்த நோயைக் கண்ணைவிடக் கைதான் நன்றாகக் கண்டுபிடிக்கும். விரல்களின் பின்பக்கத்தால் குழந்தையின் வயிற்றிலும் நெஞ்சிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். பிறகு அக்குள், முழங்கை மடிப்பு, தொடை இடுக்கு. இந்த மடிப்புகளில் தடிப்பு நெருக்கமாக இருக்கும். சில குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பில் கோடு கிழித்ததுபோல் கருஞ்சிவப்பு வரிகளே தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பொதுவாக இருக்காது. முகத்தில் பொடி வராது, கன்னம் மட்டும் சிவந்து, வாயைச் சுற்றி ஒரு வட்டம் வெளிறியிருக்கும்.

நாக்கையும் பாருங்கள். முதல் இரண்டு நாள் நாக்கில் வெள்ளையாக மாவு படிந்து, அதற்குள்ளிருந்து சிவப்புப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். நான்காம் ஐந்தாம் நாள் அந்த வெள்ளை உரிந்து, நாக்கு முழுக்கச் சிவந்து புடைப்புகளோடு இருக்கும். இதைத்தான் ஸ்ட்ராபெரி நாக்கு என்பார்கள். தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டியிருக்கும், தொட்டால் வலிக்கும். வாந்தியும் வயிற்று வலியும் இந்த வயதில் ஸ்ட்ரெப் தொண்டை வலியோடு சாதாரணமாக வருபவைதான், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இனி உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் அனுபவத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறார். காய்ச்சலோடு உடம்பெல்லாம் மணல் வாரி இறைத்ததுபோல் பொடி வந்தால் மணல்வாரி என்று சந்தேகப்படுவதில் தவறே இல்லை. ஆனால் தட்டம்மை என்கிற அந்த மணல்வாரி வரும் விதம் வேறு. முதல் மூன்று நான்கு நாள் மூக்கு ஒழுகும், விடாத இருமல் இருக்கும், கண் சிவந்து நீர் வடியும், குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கவே கூசும். அதன் பிறகுதான் பொடி வரும். அதுவும் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தொடங்கி, முகத்தில் நிறைந்து, பிறகு கீழே இறங்கும். ஸ்கார்லெட் ஃபீவரில் சளியும் இருமலும் கண் சிவப்பும் பெரும்பாலும் இருக்காது, காய்ச்சல் வந்த ஒன்றிரண்டு நாளிலேயே கழுத்திலும் நெஞ்சிலும் பொடி தொடங்கிவிடும். உங்கள் மகளுக்கு மறுநாளே வயிற்றிலும் முதுகிலும் வந்துவிட்டது, சளி இருமல் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தடுப்பூசி அட்டையை எடுத்து, 9 மாதத்திலும் ஒன்றரை வயது வாக்கிலும் போடும் எம்.ஆர். ஊசி இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் மணல்வாரிக்கான வாய்ப்பு இன்னும் குறைந்துவிடும்.

மாமியாரிடம் வாதம் செய்வதைவிட இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வேப்பிலை தலைமாட்டில் இருக்கட்டும், மஞ்சள் தண்ணீர் அவர் விருப்பப்படியே தெளிக்கட்டும், அதனால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் வராது, ஆனால் தொண்டையில் உள்ள புண்ணுக்கு மருந்து நிற்கக் கூடாது. இதைத் தோலுக்கான மருந்து என்று சொல்லாமல் தொண்டைக்கான மருந்து என்று சொன்னால் பெரும்பாலான பாட்டிகள் ஒத்துக்கொள்கிறார்கள். உண்மையும் அதுதான்.

வேர்க்குருவோடும் இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, நம் ஊர் வெயிலில் அது இயல்பு. தொட்டால் வேர்க்குருவும் சொரசொரப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வராது, நெறி கட்டாது, நாக்கு மாறாது. டெங்குக் காலமாக இருந்தால் டாக்டர் அதையும் மனதில் வைத்திருப்பார். அது தெளிவாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும், ஐபுப்ரோஃபென் சேர்ந்த சிரப்புகளைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக் காய்ச்சலுக்கும் கூடாது.

கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நோய் கவாசாகி. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும். இதிலும் தடிப்பு, சிவந்த நாக்கு, கழுத்தில் நெறி எல்லாம் உண்டு. ஆனால் பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவக்கும், உதடு வெடிக்கும், கை கால் வீங்கும். முக்கியமாக, ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் 5 நாளைத் தாண்டி நிற்கும். அது இதயத்தின் இரத்தக் குழாய்களைப் பாதிக்கும் நோய், அதற்கு மருத்துவமனையில் வேறு சிகிச்சை, அதுவும் முதல் 10 நாளுக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதால் அந்தக் கவலை இப்போது இல்லை.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். காய்ச்சல் போன பிறகு மருந்து எதற்கு?

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். ஸ்ட்ரெப் தொண்டை வலியில் வரும் காய்ச்சல், மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாகவே விட்டுவிடும். தடிப்பும் ஒரு வாரத்தில் மங்கிவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் இது ஒன்றிரண்டு நாள் முன்னதாக நடக்கும், அவ்வளவுதான். காய்ச்சலுக்காக மட்டும் என்றால் 10 நாள் மருந்து எழுத வேண்டிய தேவையே இல்லை. அந்த மருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான்.

தொண்டையில் கிருமி உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. இந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள புரதம் ஒன்றுக்கும் நம் இதயத் தசை, வால்வு ஆகியவற்றில் உள்ள புரதங்களுக்கும் அமைப்பில் ஒற்றுமை உண்டு. சில குழந்தைகளின் உடம்பு இரண்டையும் பிரித்து அறியத் தவறி, கிருமியைத் தாக்கும் வேகத்தில் சொந்த வால்வையே தாக்கிவிடுகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டை வலி வந்து சுமார் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது வெளிப்படும். அப்போது தொண்டை வலி போயே போயிருக்கும், வீட்டில் அது மறந்தும் போயிருக்கும். முழங்கால் வீங்கி வலிக்கும், அது சரியாகும்போதே கணுக்கால், அடுத்து மணிக்கட்டு என்று வலி இடம் மாறும். மூட்டு வலி முழுக்கக் குணமாகிவிடும், தடம்கூட இருக்காது. இதயத்தின் கதை அப்படி இல்லை. இடப்பக்கம் உள்ள மைட்ரல் வால்வு வீங்கி, ஆறும்போது தழும்பாகிச் சுருங்குகிறது. அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகும்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண், முதல் கர்ப்பம், ஐந்தாறு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுக்க முடியவில்லை. கர்ப்பத்தில் இரத்த ஓட்டம் கூடும்போது, சுருங்கிப்போன வால்வால் ஈடுகொடுக்க முடியவில்லை. எக்கோ எடுத்தால் மைட்ரல் வால்வு சுருக்கம். சின்ன வயதில் மூட்டு வலி வந்ததா, தொண்டை வலி வந்ததா என்று கேட்டால் அம்மாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ருமாட்டிக் இதய நோய் இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. உங்கள் டாக்டர் 10 நாள் என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது இதுதான்.

மருந்து இதைத் தடுக்கும் என்பது வெறும் ஊகமா என்று கேட்டால், சோதித்துப் பார்த்த உண்மை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் வாரன் கோட்டை என்ற ராணுவ முகாம் இருந்தது. அங்கே ஸ்ட்ரெப் தொண்டை வலி வந்த வீரர்களில் ஏறத்தாழ 800 பேருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், ஏறத்தாழ 800 பேருக்குக் கொடுக்கவில்லை. 1950-இல் முடிவு வெளியானது. மருந்து பெறாதவர்களில் 17 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானது, பெற்றவர்களில் 2 பேருக்குத்தான். இன்று அப்படி மருந்து தராமல் விட்டுப் பார்க்கும் ஆய்வை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. ஆனால் அந்தக் கணக்கை நேர்மையாகப் படிக்க வேண்டும். மருந்து பெறாத 800 பேரில் 780க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் "என் பிள்ளைக்கு நாலு நாளில் நிறுத்திவிட்டேன், நன்றாகத்தானே இருக்கிறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சிலரில் யார் வருவார் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழி இல்லை என்பதால்தான் எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

10 நாள் ஏன் என்றால், மூன்றாம் நாள் குழந்தை ஓடி விளையாடினாலும் டான்சிலின் குழிகளில் கிருமி மிச்சம் இருக்கும். பெனிசிலின் வகை மருந்துகளைக் குறைந்த நாள் கொடுத்தபோது கிருமி முழுசாகப் போகாதவர்கள் கூடுதலாக இருந்தார்கள். இங்கிலாந்து போன்ற, ருமாட்டிக் காய்ச்சல் அநேகமாக மறைந்துவிட்ட நாடுகளில் சாதாரணத் தொண்டை வலிக்கு 5 நாளும் போதும் என்கிறார்கள். அங்கேயும் ஸ்கார்லெட் ஃபீவர் என்றால் 10 நாள்தான். அந்த 5 நாள் கணக்கை இணையத்தில் படித்துவிட்டு இங்கே பின்பற்ற வேண்டாம்.

இப்போது உங்கள் புட்டியைப் பார்ப்போம். குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மி.கி. என்பது கணக்கு. 20 கிலோவுக்கு 1000 மி.கி., அதை இரண்டாகப் பிரித்தால் வேளைக்கு 500 மி.கி. உங்கள் சிரப்பில் 5 மில்லியில் 250 மி.கி. இருந்தால் வேளைக்கு 10 மில்லி, நாளுக்கு 20 மில்லி. சீட்டில் எழுதியிருப்பது சரியாக இருக்கிறது. ஆனால் 60 மில்லி புட்டி மூன்றே நாளில் தீர்ந்துவிடும். காய்ச்சல் விடுவதும் புட்டி காலியாவதும் ஒரே நாளில் நடக்கிறது. சிகிச்சை பாதியில் நிற்பதற்கு நான் பார்த்தவரை அலட்சியத்தைவிட இதுதான் பெரிய காரணம். வீட்டில் யாரும் முடிவெடுத்து நிறுத்துவதில்லை, புட்டி முடிந்ததால் மருந்தும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 10 நாளுக்கு 200 மில்லி வேண்டும், அதாவது 60 மில்லி புட்டி நான்கு.

நான்கையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். இது தூளாக வரும் சிரப். தண்ணீர் கலந்த பிறகு அதன் வீரியம் சில நாள்தான் நிற்கும், பல லேபிள்களில் 7 நாள் என்று இருக்கும். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்குங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை முதலில் பாதியளவு ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் புட்டியில் உள்ள கோடு வரை நிரப்ப வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நுரையையே கோடு என்று நினைத்து நிறுத்திவிடுவோம், மருந்தின் அளவு மாறிப்போகும். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, புட்டியோடு வரும் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம். புட்டியில் 125 மி.கி. என்று போட்டிருந்தால் அதே 10 மில்லியில் பாதி மருந்துதான் இருக்கும், அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

குழந்தை சிரப்பைத் துப்பிவிடுகிறது, 10 நாள் சமாளிக்க முடியாது என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீரில் கரையும் மாத்திரை உண்டு. அதுவும் முடியாவிட்டால் பென்சாதின் பெனிசிலின் ஊசி ஒன்று தொடையில் போட்டால் போதும், 27 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 6 லட்சம் யூனிட். வலிக்கும், ஆனால் ஒரே ஊசியில் சிகிச்சை முடிந்துவிடும். கடையில் தாங்களாகவே கொடுக்கும் மூன்று நாள் அசித்ரோமைசின் இதற்குச் சமம் ஆகாது. பெனிசிலின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மட்டும் அது மாற்று. அப்போதும் 5 நாள், டாக்டர் சொல்லும் அளவில். அசித்ரோமைசினை எதிர்த்து நிற்கும் ஸ்ட்ரெப் கிருமிகள் வந்துவிட்டன. பெனிசிலினுக்கு அடங்காத குரூப் ஏ ஸ்ட்ரெப் நோயாளிகளிடம் இதுவரை வந்ததில்லை. பழைய மருந்து, விலை குறைவு என்று நினைக்காதீர்கள், இந்தக் கிருமிக்கு அதைவிட நம்பகமானது கிடையாது.

இரத்தப் பரிசோதனை எடுக்காததில் தவறில்லை. ஏ.எஸ்.ஓ. என்ற பரிசோதனையை லேபில் சொல்லக்கூடும். அது கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியின் அளவு. தொற்று வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் அது ஏறத் தொடங்கும். மூன்றாம் நாள் எடுத்து நார்மல் என்று வந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. அதிகம் என்று வந்தாலும் போன மாதம் வந்த தொண்டை வலியின் மிச்சமாக இருக்கலாம். இப்போதைய நோயைக் காட்டக்கூடியது தொண்டையில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் கல்ச்சர்தான். அது மருந்து தொடங்கும் முன் எடுத்திருக்க வேண்டும், முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். காய்ச்சல், தொண்டை வலி, சொரசொரப்பான தடிப்பு எல்லாம் இவ்வளவு தெளிவாகப் பொருந்தும்போது அதற்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கியது சரியான முடிவு. இதைப் படிக்கும் வேறு யாராவது தாமதமாகிவிட்டதே என்று கவலைப்பட்டால், காய்ச்சல் தொடங்கி 9 நாளுக்குள் ஆரம்பித்தாலும் இதயத்துக்கான பாதுகாப்பு கிடைக்கும்.

அடுத்து வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். தடிப்பு மங்கிய பிறகு, அதாவது இரண்டாம் வாரம் வாக்கில், விரல் நுனி, கால்விரல், இடுப்பு இடுக்கு ஆகிய இடங்களில் தோல் உரியும். நகத்துக்கு அடியிலிருந்து செதில்போல் கிளம்பும். சில வாரம்கூட நீடிக்கலாம். மருந்து சூடு, அதனால்தான் தோல் உரிகிறது என்று வீட்டில் சொல்வார்கள். அப்படி இல்லை, நச்சால் பாதித்த மேல்தோல் உதிர்கிறது, அவ்வளவுதான். பிய்த்துவிடாமல் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதேபோல, இந்தத் தடிப்பை யாரும் பெனிசிலின் அலர்ஜி என்று அட்டையில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குத் தடிப்பு வந்தது முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்பு. தவறாக எழுதிவிட்டால், வாழ்நாள் முழுக்க அவளுக்கு நல்ல மருந்து ஒன்று கிடைக்காமல் போகும். மருந்து குடித்த சிறிது நேரத்தில் உடம்பில் திட்டுத்திட்டாக வீங்கி அரித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ அது அலர்ஜி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாய் திறக்கவே முடியாமல் போவது, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, குரல் அடைத்ததுபோல் மாறுவது ஆகியவை டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டுவதன் அடையாளம். மூச்சுத் திணறல், எழுப்பினாலும் சரியாக எழாமல் சோர்ந்து கிடப்பது, கை கால் சில்லிடுவது, அரை நாள் சிறுநீர் போகாமல் இருப்பது, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் விடாத காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு பகல் பார்க்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

10 நாள் மருந்து இதயத்துக்குத் தரும் பாதுகாப்பைச் சிறுநீரகத்துக்கு அதே உறுதியோடு தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொண்டை வலி வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில், மிகச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வரலாம். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போவது, அளவு குறைவது, தலைவலி. மூன்று வாரம் காலை முதல் சிறுநீரின் நிறத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறினால் அன்றே இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து முழுக்கக் குணமாகிவிடுவார்கள். அந்த ஒரு மாதத்தில் மூட்டு மாறி மாறி வலித்தால், விளையாடும்போது மூச்சு வாங்கினால் தொண்டை வலி வந்த தேதியைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். இன்னும் சில மாதம் கழித்துக்கூட, கை தன்னிச்சையாக வெட்டுவது, டம்ளரைக் கீழே போடுவது, கையெழுத்து திடீரென்று கோணலாவது என்று ஏதாவது தெரிந்தால் அதுவும் இதோடு தொடர்புடையதாக இருக்கலாம். பள்ளியில் குறும்பு என்று அடி வாங்க விடாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பத்தியம் எதுவும் இல்லை. தொண்டை வலிக்கும்வரை கஞ்சி, குழைந்த ரசம் சாதம், மோர், இளநீர் என்று விழுங்க எளிதாக இருப்பதைக் கொடுங்கள். குளிப்பாட்டலாம். முதல் வேளை மருந்து கொடுத்து 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் அவளிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றாது. குழந்தை தெம்பாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம், தோல் உரிவதைக் காரணம் காட்டி வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அதே வகுப்பில் வேறு குழந்தைக்குத் தொண்டை வலி வந்தால் கவனிப்பார்கள்.

தம்பிக்கு இப்போது எந்த மருந்தும் வேண்டாம். அக்காவின் சிரப்பில் கொஞ்சம் அவனுக்கும் என்று கொடுத்துவிடாதீர்கள். 3 வயது வாக்கில் இந்த நோய் வருவது குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. கிருமி இருமல், தும்மல், எச்சில் வழியாகப் பரவும், தொற்றி இரண்டு முதல் ஐந்து நாளில் நோய் தெரியும். அதனால் டம்ளர், ஸ்பூன், துண்டு இவற்றைத் தனியாக வைத்துவிட்டு, ஒரு வாரம் அவனைக் கவனியுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சாப்பிட மறுத்துத் தொண்டையைக் காட்டினாலோ, வயிற்றைத் தடவும்போது சொரசொரப்புத் தெரிந்தாலோ அக்காவின் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள்.